வினா 37: பெயர் மாறிய ஆண்டு எது?

பரிசீலகரின் குறிப்பு: "வினா 37. 'சென்னை மாகாணம் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றம் செய்யப்பட்ட ஆண்டு எது? அ) 1956 ஆ) 1967 இ) 1968 ஈ) 1969.' விடைக்குறிப்பில் ஈ என்று இருக்கிறது. சரிபார்த்த மூவரில் ஒருவர் ஆ என்று போட்டுக் காரணமும் சொல்கிறார். இன்னொருவர் ஈ போட்டுவிட்டு, 'சட்டம் 1968 ஆயிற்றே?' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். கோளாறு வினாவிலா, அவர்கள் கவனக்குறைவா? எப்படித் திருத்துவதாக உத்தேசம்?"

ஐயா,

கோளாறு வினாவில்தான். அதை எழுதியவன் நான். 1967 என்று விடை போட்ட ஆசிரியர் தவறவில்லை. நான் எதைக் கேட்க நினைத்தேனோ அது என் மனதில் இருந்தது, தாளில் இல்லை. தாளில் இருந்ததை அவர் படித்தார், படித்ததற்குச் சரியாகவே விடை சொன்னார்.

வினாவை எழுதும்போது என் மேசையில் 1969 ஜனவரி 14 என்ற நாள் இருந்தது. மதராஸ் மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆன நாள் அது. பொங்கல் நாள் என்பதால் யாருக்கும் எளிதில் மறக்காது. விடை கையில் இருக்கும்போது வினா எழுதினால் வினா தெளிவாக இருப்பதுபோலவே தோன்றும். விடை தெரியாதவர் கண்ணோடு திரும்பப் படித்தால்தான் ஓட்டை தெரியும். இந்த வினாவில் அதை நான் செய்யவில்லை.

பெயர் மாற்றம் ஒரே நாளில் நடந்த காரியம் அல்ல. ஒவ்வொரு படியையும் அதனதன் ஆண்டோடு வைத்துப் பார்த்தால், நான் கொடுத்த நான்கு தெரிவுகளில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு படியைத் தொடுவது தெரியும்.

1956-இல் நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலச் சீரமைப்பு நடந்தது. மலபார் கேரளத்துக்குப் போனது. கன்னியாகுமரி வட்டங்களும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன. இன்றைய தமிழ்நாட்டின் உருவம் பெரும்பாலும் அன்றுதான் அமைந்தது. ஆனால் பெயர் மதராஸ் மாநிலம் என்றே இருந்தது. அதே ஆண்டு ஜூலை 27 அன்று விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் முன்வைத்த கோரிக்கைகளில் தமிழ்நாடு என்ற பெயரும் ஒன்று. அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். ஆகவே 1956 என்ற ஆண்டுக்கு மாணவர் மனதில் இரண்டு ஈர்ப்புகள் இருக்கின்றன: மாநிலம் உருவான ஆண்டு ஒன்று, பெயருக்காக ஒருவர் உயிர் விட்ட ஆண்டு இன்னொன்று. இருந்தும் பெயர் அந்த ஆண்டில் மாறவில்லை. இந்தத் தெரிவு நியாயமான தவறான தெரிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இடையில் 1961 ஒன்று இருக்கிறது. தெரிவுகளில் அது இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். காமராஜர் முதலமைச்சராக இருந்த அந்த ஆண்டு பிப்ரவரியில், அமைச்சர் சி. சுப்பிரமணியம் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். தமிழில் எழுதும் அரசுக் கடிதங்களில் இனித் தமிழ்நாடு என்று எழுதலாம், ஆங்கிலத்தில் மதராஸ் என்றே இருக்கும் என்பது அதன் சாரம். அதாவது தமிழ் மட்டும் படித்த ஒருவர் கண்ணில் மாநிலத்தின் பெயர் 1961-இலேயே மாறத் தொடங்கிவிட்டது. தேர்வு எழுதுபவர்களில் இதை அறிந்தவர் ஒருவர் இருந்தால், அவர் நான்கு தெரிவுகளையும் பார்த்து முழிப்பார். நன்றாகப் படித்தவரைத் தண்டிக்கும் வினா என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்து 1967. ஜூலை 18 அன்று முதலமைச்சர் அண்ணா கொண்டு வந்த தீர்மானத்தைச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. இந்தக் கோரிக்கை அதற்கு முன்னும் பலமுறை எழுந்து தோற்றிருக்கிறது. 1957-இல் தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த ஆண்டிலேயே இதற்கான தீர்மானம் தோற்றது. மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொண்டு வந்த தனிநபர் மசோதாவை ஆதரித்து 1963-இல் அண்ணாவே பேசினார், அதுவும் தோற்றது. இத்தனைக்கும் பிறகு எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் என்பதால் 1967 நினைவில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

1968-இல் நவம்பர் மாதம் நாடாளுமன்றம் பெயர் மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 1968 என்ற ஆண்டு இருக்கிறது. டிசம்பர் 1 அன்று சென்னையில் பெயர் மாற்ற விழாவும் நடந்தது. ஓரத்தில் 'சட்டம் 1968 ஆயிற்றே?' என்று எழுதிய ஆசிரியர் சொல்வதும் உண்மைதான்.

கடைசியாக 1969. சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்பதை நாடாளுமன்றம் சட்டத்துக்குள்ளேயே எழுதவில்லை. மத்திய அரசு அரசிதழில் குறிக்கும் நாள் என்று விட்டிருந்தது. அப்படிக் குறிக்கப்பட்ட நாள்தான் ஜனவரி 14.

சரி, இத்தனை படிகள் இருப்பது மட்டும் வினாவைக் குழப்பமாக்கிவிடாது. இந்திய அரசியலமைப்புக்கும் இரண்டு நாட்கள் உண்டு. 1949 நவம்பர் 26-இல் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றுக்கொண்டது, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. இதைப் பற்றி ஆயிரம் தேர்வுகளில் கேட்டிருக்கிறார்கள், பெரிய தகராறு வந்ததில்லை. காரணம், கேட்பவர்கள் 'ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள்' என்றோ 'நடைமுறைக்கு வந்த நாள்' என்றோ சொல்லியே கேட்கிறார்கள். 'அரசியலமைப்பு உருவான ஆண்டு எது?' என்று ஒருவர் கேட்டுவிட்டு 1949, 1950 இரண்டையும் தெரிவில் வைத்தால் அன்றைக்கே சண்டை வரும். நான் செய்தது அந்த வேலைதான்.

என் வினாவில் பிசகு 'பெயர் மாற்றம் செய்யப்பட்ட' என்ற சொற்களில் இருக்கிறது. செய்தவர் யார் என்று அதில் இல்லை. 'செய்யப்பட்ட' என்று எழுதிவிட்டால் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியம் நிறைவாக ஒலிக்கும். தமிழில் அது வசதி, வினாத்தாளில் அதுவே ஆபத்து. சட்டமன்றம் மாற்றியது என்று படித்தால் 1967. நாடாளுமன்றம் மாற்றியது என்று படித்தால் 1968. பெயர் உண்மையிலேயே எப்போது மாறியது என்று படித்தால் 1969. இந்த மூன்றில் எதையும் என் வாக்கியம் தடுக்கவில்லை. ஆங்கில வடிவத்திலும் இதே செயப்பாட்டு வினையைத்தான் வைத்திருந்தேன். அதனால் இரண்டு வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பிசகு தெரியாமல் போயிற்று. இரண்டும் பொருந்தின, இரண்டுமே தவறாகப் பொருந்தின.

சட்டமன்றத் தீர்மானத்தை வைத்து 1967 என்பது சரியாகுமா என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் அறிந்தவர் ஆகாது என்பார், அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான் மசோதாவையே அறிமுகம் செய்ய முடியும். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 1967 தீர்மானத்தின் வாசகமே மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் வகையில்தான் இருந்தது. ஆகவே ஜூலை 18 மாலையிலும் மாநிலத்தின் பெயர் மதராஸ்தான். இந்த வாதத்தை வைத்துக்கொண்டு என் விடைக்குறிப்பைக் காப்பாற்றலாம் என்று முதலில் எனக்கும் தோன்றியது.

ஆனால் இது வரலாற்றுத் தாள். வரலாறு படிக்கும் மாணவரிடம் 'மாற்றினார்கள்' என்ற சொல்லை அரசிதழ் அறிவிப்பு என்ற ஒரே பொருளில் படி என்று சொல்லாமலே எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நகரத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் மதராஸ் நகரம் சென்னை ஆனபோது அது மாநிலச் சட்டத்தாலேயே முடிந்தது, நாடாளுமன்றம் போகவில்லை. நகரத்துக்கு ஒரு வழி, மாநிலத்துக்கு இன்னொரு வழி என்ற வேறுபாடு குடிமையியல் பாடத்தின் நுட்பம். அதைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொரு காரணம் இன்றைய மாணவர்களின் சூழல். 2021-இல் தமிழக அரசு ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தது. அதற்கு முன் நவம்பர் 1 தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்பட்டது. இப்போது பள்ளிகளில் ஜூலை 18-ஐ ஒட்டிக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் நடக்கின்றன. அந்த மேடைகளில் 'பெயர் சூட்டப்பட்ட நாள்' என்று சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு, பெயர் மாறிய ஆண்டு எது என்றால் 1967 என்றுதான் வாயில் வரும். பரிசு வாங்கிய பிள்ளை ஒருவேளை இந்த வினாவில் மதிப்பெண் இழக்கும். அந்தப் பிள்ளையிடம் 'நீ படித்தது தவறு' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

சரிபார்த்தவர்களோடு தொலைபேசியில் பேசியபோது இன்னும் முக்கியமான ஒன்று தெரிந்தது. 1967 போட்ட ஆசிரியர் தன் கணக்கை விளக்கினார். பெயர் மாற்றம் அண்ணா ஆட்சியின் சாதனை. அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அந்த மாதமே கலைஞர் முதலமைச்சர் ஆனார். 1969 என்றால் பொதுவாகக் கலைஞர் ஆட்சி என்றுதான் மனதில் ஓடும், ஆகவே அண்ணாவோடு சேர்த்துச் சொல்லும் பெயர் மாற்றம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று யோசித்தாராம். யோசனையின் போக்கில் குறை ஒன்றும் இல்லை. இடையில் இருபது நாள் மட்டுமே இருக்கிறது என்பதுதான் அவருக்கு நினைவில் வரவில்லை. அதாவது, தேதி தெரியாமல் இருந்தாலும் காலவரிசையை வைத்து நியாயமாகக் கணிக்கும் மாணவரை இந்த வினா 1967-க்குத் தள்ளுகிறது. கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தவருக்கு மதிப்பெண், யோசித்தவருக்குப் பூச்சியம். ஒரு வினா இப்படி வேலை செய்தால் அது சரியாக அளக்கவில்லை என்று அர்த்தம்.

தேர்வு முடிந்த பிறகும் இதைக் கண்டுபிடிக்கலாம். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருப்பவர்களை மட்டும் தனியே எடுத்து, இந்த வினாவுக்கு அவர்கள் எதைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வினா வெறுமனே கடினமானது என்றால் மேலே உள்ளவர்கள் சரியான விடைப் பக்கம் கூடுவார்கள், கீழே உள்ளவர்கள் நாலாபக்கமும் சிதறுவார்கள். வினா குழப்பமானது என்றால் மேலே உள்ளவர்களே இரண்டு தெரிவுகளுக்கு நடுவே பிளவுபடுவார்கள். ஆனால் அதற்குள் தாள் எழுதி முடிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்கெடுத்த ஒரு தேர்வில் இப்படித்தான் ஆயிற்று. உத்தேச விடைக்குறிப்பு வெளியான பிறகு ஆட்சேபணைகள் குவிந்தன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழிகாட்டி நூலின் பக்கத்தை நகல் எடுத்து இணைத்திருந்தார்கள், எல்லாப் பக்கமும் அச்சில் இருந்தது. கடைசியில் எல்லாருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தார்கள். சரியாக எழுதியவரின் உழைப்பு அந்த ஒரு வினாவில் ஒன்றுமில்லாமல் போயிற்று. இம்முறை முன்கூட்டியே உங்கள் கைக்கு வந்ததே பெரிய காரியம்.

வினாவில் இரண்டாவது பிழை ஒன்றும் இருந்தது. அதை யாரும் சுட்டவில்லை, திருத்த உட்கார்ந்தபோது நானே கண்டேன். 'சென்னை மாகாணம்' என்று எழுதியிருந்தேன். மாகாணம் என்பது ஆங்கிலேயர் காலத்து அமைப்பு. 1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது மாகாணம் மாநிலம் ஆகிவிட்டது. அறுபதுகளில் பெயர் மாறியது மாநிலத்துக்கு. பேச்சில் நாம் மாகாணம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அது வேறு. வினாத்தாளில் மாகாணம் என்று எழுதினால், மாணவர் ஒரு நொடி ஆந்திரமும் மலபாரும் சேர்ந்த பழைய நிலப்பரப்பை நினைப்பார். அது எப்போது தமிழ்நாடு ஆயிற்று என்று யோசித்தால் 1956 சரியாகவே படும். 'சென்னை' என்ற சொல்லும் சிக்கல்தான். இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சென்னை என்றால் நகரம். சென்னை, பெயர் மாற்றம் என்ற இரண்டு சொல்லும் அருகருகே வந்தால் 1996-தான் முதலில் நினைவுக்கு வரும். அது தெரிவுகளில் இல்லை என்பதால் மதிப்பெண் போகாது, ஆனால் நேரம் போகும். அதனால் திருத்திய வினாவில் 'மதராஸ் மாநிலம்' என்று போட்டிருக்கிறேன்.

இனி திருத்தத்துக்கு வருகிறேன். நான்கு வடிவம் எழுதிப் பார்த்தேன். முதல் மூன்றும் ஏன் கழிந்தன என்று சொன்னால் கடைசி வடிவத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் விளங்கும்.

முதலில் 'அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றம் செய்யப்பட்ட ஆண்டு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். குழப்பமான வினாவைக் கண்டால் எல்லார் கையும் போகும் முதல் மருந்து இதுதான். பலன் இல்லை. சட்டமன்றத் தீர்மானம் அதிகாரபூர்வமானது இல்லையா? நாடாளுமன்றச் சட்டம் அதிகாரபூர்வமானது இல்லையா? 1961 அறிவிப்புகூட ஓர் அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னதுதான். 'அதிகாரபூர்வமாக' என்பது வினாவுக்குக் கனம் சேர்க்கிறது, எல்லையைச் சேர்க்கவில்லை.

பிறகு 'சட்டப்படி பெயர் மாற்றம் செய்யப்பட்ட ஆண்டு' என்றேன். இது இன்னும் மோசம். சட்டப்படி என்றதும் சட்டம் எந்த ஆண்டு என்றுதான் மனம் தேடும். சட்டத்தின் பெயரிலேயே 1968 இருக்கிறது. 1969-ஐச் சரியாகத் தெரிந்தவரையும் இது 1968-க்கு இழுத்துவிடும். என் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரிடம் எதற்கு என்று சொல்லாமல் இதைக் காட்டினேன். சற்று யோசித்து 1968 என்றார். பழைய வினாவுக்கு 1969 என்று சொன்னவர் அவர்.

மூன்றாவதாக, 'தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த ஆண்டு' என்று எழுதினேன். கிட்டத்தட்ட சரியாக வந்துவிட்டது. 'நடைமுறைக்கு வந்த' என்பது நாம் தேடிய வினைச்சொல், அரசியலமைப்பு வினாவில் தகராறு வராமல் காப்பதும் அதுவே. ஆனால் எது நடைமுறைக்கு வந்தது என்பதில் கைவைக்க வேண்டியிருந்தது. பெயர் நடைமுறைக்கு வந்தது என்றால், தமிழில் அது 1961-இலேயே அரசுக் கடிதங்களில் நடைமுறையில் இருந்தது. அதற்கும் முன்னால் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி இருந்தது. இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. பெயர் பழையது, சட்டம்தான் புதியது. ஆகவே நடைமுறைக்கு வந்தது பெயர் அல்ல, சட்டம் என்று வாக்கியத்தைத் திருப்பினேன். அதோடு அதை இயற்றியவர் யார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

இப்போது வினா இப்படி இருக்கிறது:

37. மதராஸ் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது?
அ) 1956 நவம்பர் 1
ஆ) 1967 ஜூலை 18
இ) 1968 டிசம்பர் 1
ஈ) 1969 ஜனவரி 14

ஆண்டு என்று இருந்ததை நாள் என்று மாற்றியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது தேதியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்காக அல்ல. ஆண்டு மட்டும் இருந்தால் ஒவ்வொரு தெரிவும் வெறும் எண். 1968 என்பதற்குள் சட்டம் நிறைவேறியதும் இருக்கிறது, விழாவும் இருக்கிறது. முழு நாளாகக் கொடுத்தால் ஒவ்வொரு தெரிவும் ஒரே ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கும்: மாநிலச் சீரமைப்பு, சட்டமன்றத் தீர்மானம், பெயர் மாற்ற விழா, சட்டம் நடைமுறை. எந்த நிகழ்ச்சி எது என்று தெரிந்தவருக்குத் தேதி துல்லியமாக நினைவில் இல்லாவிட்டாலும் விடை கிடைக்கும். ஜூலை 18 என்றால் தீர்மானம், அது சட்டமன்றத்தில் நடந்தது, வினா நாடாளுமன்றத்தைக் கேட்கிறது என்று தள்ளிவிடலாம். நான் சோதிக்க விரும்பியதும் இந்த வேறுபாட்டைத்தான். பழைய வடிவத்தில் அது அதிர்ஷ்டத்தின் கையில் இருந்தது.

நாடாளுமன்றம் என்ற சொல்லைச் சேர்த்ததால் வினா எளிதாகிவிட்டதே என்று தோன்றலாம். எளிதாகியிருக்கிறது, உண்மைதான். ஆனால் எளிதானது யாருக்கு? மாநிலப் பெயரை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்று தெரிந்தவருக்கு. அது நம் பாடத்திட்டத்தில் இருக்கும் செய்தி. முன்பு வினா கடினமாக இருந்தது அறிவின் ஆழத்தால் அல்ல, வாக்கியத்தின் மூட்டத்தால். அந்தக் கடினத்தை இழப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

1968 தெரிவில் டிசம்பர் 1-ஐ வைப்பதா, நவம்பரில் சட்டம் நிறைவேறிய நாளை வைப்பதா என்றும் யோசித்தேன். நிறைவேறிய நாளை வைத்தால், 'நடைமுறைக்கு வந்தது' என்பதை மேலோட்டமாகப் படிப்பவர் விழுவார். அது அறிவைச் சோதிப்பதாகாது, கண்ணைச் சோதிப்பதாகும். மேலும் மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று சட்டத்துக்கே மூன்று நாட்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்தால் இன்னொரு தகராறுக்கு விதை போடுவதாகிவிடும். விழா நாள் அப்படி அல்ல. பெயர் மாற்றத்தோடு தொடர்புள்ளது, ஆனால் சட்டத்தின் எந்தப் படியும் அல்ல. படித்தவர் எவரும் அதற்காக வாதாட முடியாது.

ஒரு வினாத்தாளில் தவறான தெரிவுக்கு இரண்டு குணம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அரைகுறையாகத் தெரிந்தவரை அது இழுக்க வேண்டும். முழுதாகத் தெரிந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு 'இதுவும் சரிதான்' என்று நிரூபிக்க முடியாததாக இருக்க வேண்டும். என் பழைய 1967-க்கும் 1968-க்கும் முதல் குணம் இருந்தது, இரண்டாவது இல்லை.

விடைக்குறிப்போடு தெரிவுக்கு ஒரு வரி வீதம் காரணமும் எழுதிச் சேர்த்திருக்கிறேன். அ: மொழிவாரிச் சீரமைப்பு நாள், பெயர் மாறவில்லை. ஆ: சட்டமன்றத் தீர்மானம், பெயரை மாற்றும் சட்ட வலு அதற்கு இல்லை. இ: சென்னையில் விழா நடந்த நாள். ஈ: மத்திய அரசு அரசிதழில் குறித்த நாள், இதுவே விடை. பிறகு யாராவது ஆட்சேபித்தால் திருத்துபவர் மறுபடியும் புத்தகம் தேட வேண்டியிருக்காது.

ஆங்கில வடிவத்தையும் இதற்கேற்ப மாற்றிவிட்டேன். செயப்பாட்டு வினையை எடுத்துவிட்டு, நாடாளுமன்றச் சட்டத்தை எழுவாயாக வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பவர் சட்டம் 'இயற்றப்பட்ட' நாள் என்று தவறியும் எழுதிவிடாமல் இருக்க, 'நடைமுறைக்கு வந்தது' என்ற சொற்களுக்கு அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு சொல் நழுவினால் விடை 1968-க்குப் போய்விடும், தெரிவில் அது சரியான நாளாகவும் இருக்காது. அச்சுப்படி வந்ததும் அதை மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தத் திருத்தத்தால் அதே தாளின் வேறு ஓர் இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. வினா 44-இல் அண்ணா ஆட்சியின் நடவடிக்கைகளைப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். சுயமரியாதைத் திருமணச் சட்டம், இருமொழிக் கொள்கை ஆகியவற்றோடு 'தமிழ்நாடு பெயர்த் தீர்மானம் – 1967 ஜூலை 18' என்று ஒரு வரி அங்கே இருந்தது. அதைப் படித்தவர் 37-க்குத் திரும்பி வந்து ஆ தெரிவை உடனே கழித்துவிடுவார். ஒரு வினா இன்னொன்றுக்கு விடை கசிய விடுவதாகிவிடும். அதனால் 44-இல் அந்த வரியை எடுத்துவிட்டு, அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்ற 1967 மார்ச் மாதத்தை வைத்திருக்கிறேன். பொருத்தும் வரிசையும் மாறியிருப்பதால் 44-க்கும் புதிய விடைக்குறிப்பு இணைத்திருக்கிறேன், பழையதைக் கிழித்துவிடுங்கள்.